ஒரே தகவல், இரண்டு நிறம்: நம்பிக்கையாகவும் கலக்கமாகவும் எழுதிப் பார்த்து, சாயம் ஏறிய சொற்களைப் பிடிப்பது எப்படி?

ஒரு தகவலை ஒருமுறை நம்பிக்கை தரும்படியும், மறுமுறை மனம் கலங்கும்படியும் எழுதச் சொல்லும் பயிற்சியைப் பல வருடங்களாகப் புதியவர்களோடு செய்து வருகிறேன். எழுதுவதில் பலருக்கும் சிரமம் இருப்பதில்லை. எழுதியதில் எந்தச் சொல் அந்த நிறத்தைக் கொடுத்தது என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். "சோகமாக இருக்கிறது, ஆனால் எதனால் என்று தெரியவில்லை" என்பார்கள்.

அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் படிகளின் வரிசை மாறுவதால் வருகிறது. அதனால் எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கடைசிவரை சொல்கிறேன்.

எடுத்துக்காட்டு இது. 1982ல் ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு சிகிச்சை இரண்டின் விளைவுகளையும் எண்களாகக் கொடுத்து, "உங்களுக்கு நோய் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். அந்த எண்களைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவை நாற்பது வருடத்துக்கு முந்தையவை. இன்றைய சிகிச்சையின் பலனை அவற்றை வைத்து யாரும் கணிக்க வேண்டாம். எழுதிப் பழக மட்டும் பயன்படுத்துங்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தாள்கள், இரண்டு நிறப் பேனாக்கள். முதல் தாள் தகவல் தாள். இரண்டாவதில் நம்பிக்கைப் பதிப்பு, மூன்றாவதில் கலக்கப் பதிப்பு. கணினியில் எழுதினாலும் மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் எழுதினால் ஒன்றின் வாக்கியம் மற்றொன்றுக்குள் புகுந்துவிடும்.

தகவல் தாளைப் பார்க்காத ஒருவரும் வேண்டும். அவரிடம் இப்போது எதையும் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாவது படியில்தான் அவருக்கு வேலை.

எடுத்துக்கொள்ளும் தகவல் சிறியதாக இருக்கட்டும். நான்கு வரி போதும். புதியவர்கள் பெரிய அறிக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் இருபது எண்கள் இருந்தால், நம்பிக்கைப் பதிப்புக்கு நல்ல பத்தும் கலக்கப் பதிப்புக்குக் கெட்ட பத்தும் என்று கை தானாகப் பிரித்துக்கொள்ளும். அப்படிப் பிரித்தால் இரண்டும் வேறு வேறு தகவல்கள் ஆகிவிடுகின்றன. எந்தச் சொல் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் போகும்.

## 2. தகவல் தாள்: ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் ஜோடி

எல்லாம் இந்தத் தாளின் மேல்தான் நிற்கிறது. அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: எத்தனை பேரில், எந்தக் காலத்துக்குள், இரண்டு பக்கமும் எத்தனை. "இரண்டு பக்கமும்" என்பதுதான் முக்கியம். 90 பேர் பிழைத்தார்கள் என்று எழுதினால், பக்கத்திலேயே 10 பேர் இறந்தார்கள் என்றும் எழுதுங்கள். கண் முன்னால் ஜோடி இருந்தால்தான், பிறகு எந்தப் பக்கத்தை எடுத்தோம், எதை விட்டோம் என்பது தெரியும்.

அறுவை சிகிச்சைக்கான தகவல் தாள் இப்படி வரும்:

1. கணக்கு: அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேர்.
2. சிகிச்சையையும் அதையொட்டிய நாட்களையும் கடந்தவர்கள் 90. கடக்காமல் இறந்தவர்கள் 10.
3. முதலாம் ஆண்டு முடிவில் உயிருடன் இருப்பவர்கள் 68. அதுவரை இறந்தவர்கள் மொத்தம் 32.
4. ஐந்தாம் ஆண்டு முடிவில் உயிருடன் இருப்பவர்கள் 34. அதுவரை இறந்தவர்கள் மொத்தம் 66.

"மொத்தம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மாணவி அதை விட்டுவிட்டு எழுதினார். பிறகு கலக்கப் பதிப்பில், "முதலில் 10 பேர் இறக்கிறார்கள், அடுத்து 32 பேர் இறக்கிறார்கள், அதற்கடுத்து 66 பேர் இறக்கிறார்கள்" என்று வந்தது. கூட்டிப் பார்த்தால் 108. இருந்ததே 100 பேர்தான். அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. முதலாம் ஆண்டின் 32க்குள் அந்த 10 பேரும் அடக்கம் என்பது தாளில் இல்லாததால் நேர்ந்த பிழை அது. காலப்போக்கில் கூடிக்கொண்டே போகும் எண் எதுவாக இருந்தாலும் "அதுவரை மொத்தம்" என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு தவறு, தகவல் தாளிலேயே தீர்ப்பை எழுதிவிடுவது. "வெற்றி விகிதம் 90%" என்று ஒருவர் எழுதியிருந்தார். சிகிச்சையைக் கடந்ததை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஐந்தாண்டு வாழ்வதை வெற்றி என்று கொண்டால் அதே சிகிச்சையின் வெற்றி 34%. எது வெற்றி என்பதை எண் சொல்வதில்லை; எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார். தாளில் எண்ணப்பட்டது மட்டும் இருக்கட்டும்.

## 3. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

எழுதத் தொடங்கும் முன் எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் போட்டால், எழுதிய வாக்கியத்தைக் காப்பாற்றுவதற்காக எல்லை நகர ஆரம்பித்துவிடும்.

மாற்றலாம் என்பவை: ஜோடியில் எந்தப் பக்கத்தைச் சொல்வது, வாக்கியங்களை எந்த வரிசையில் வைப்பது, வினைச்சொல், இடைச்சொல், அடைமொழி.

தொடக்கூடாதவை: எண்கள், காலம், "100 பேரில்" என்ற அடிப்படை. நான்கு வரியும் இரண்டு பதிப்பிலும் வந்தாக வேண்டும். "100 பேரில்" இருக்கும்வரை, ஒரு பக்கத்தை மட்டும் சொன்னாலும் வாசிப்பவர் மறுபக்கத்தைக் கழித்துப் பார்த்துக்கொள்ள முடியும். அதை எடுத்துவிட்டால் அவருக்கு அந்த வழியும் அடைபட்டுப்போகிறது.

எண்ணை முழுமையாக்கிச் சொல்வதும் தொடக்கூடாததில் சேரும். 68ஐ "கிட்டத்தட்ட 70" என்று நம்பிக்கைப் பதிப்பிலும், 66ஐ "ஏறக்குறைய 70" என்று கலக்கப் பதிப்பிலும் எழுதியவர்கள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். இரண்டும் நமக்கு வசதியான திசையிலேயே நகர்ந்திருக்கின்றன, அதுதான் சிக்கல்.

## 4. முதலில் நம்பிக்கை, பிறகு கலக்கம்

நம்பிக்கைப் பதிப்பையே முதலில் எழுதுங்கள். கலக்கப் பதிப்பை முதலில் எழுதியவர்களிடம் நான் பார்த்தது இதுதான்: இரண்டாவதாக வரும் நம்பிக்கைப் பதிப்பு ஓர் ஆறுதல் கடிதம்போல ஆகிவிடுகிறது. "இருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை" என்று யாரோ சொன்ன கெட்ட செய்திக்குப் பதில் சொல்கிற தொனி வந்துவிடும். தகவல் தாளில் இல்லாத ஒரு துயரத்தை எதிர்த்து அது பேசும்.

நம்பிக்கைப் பதிப்பு:

> நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் அந்தக் கட்டத்தை நல்லபடியாகத் தாண்டிவிடுகிறார்கள். ஓராண்டு கழிந்தும் 68 பேர் உயிருடன் இருக்கிறார்கள். ஐந்து நீண்ட ஆண்டுகளுக்குப் பிறகும் 34 பேர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் மூடி வையுங்கள். முடிந்தால் ஒரு நாள் விடுங்கள். கலக்கப் பதிப்பைத் தகவல் தாளை மட்டும் பார்த்து எழுத வேண்டும், நம்பிக்கைப் பதிப்பைப் பார்த்து எழுதக்கூடாது. பார்த்து எழுதினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இல்லை" சேர்க்கத்தான் கை போகும். "10 பேர் தாண்டுவதில்லை, 32 பேர் உயிருடன் இல்லை" என்று வரும். அது நம்பிக்கைப் பதிப்பின் மறுப்பு மட்டுமே. கலக்கத்தை உண்டாக்கும் எழுத்து அப்படி வராது. அதற்கென்று தனி வினைச்சொற்கள் இருக்கின்றன.

கலக்கப் பதிப்பு:

> நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 10 பேர் சிகிச்சையின்போதோ அதையொட்டிய நாட்களிலேயோ உயிரை இழக்கிறார்கள். ஓராண்டு முடிவதற்குள்ளேயே இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 32 ஆகிவிடுகிறது. ஐந்தே ஆண்டுகளில் அது 66ஐத் தொடுகிறது. எஞ்சுவது 34 பேர் மட்டுமே.

இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் "ஐந்து ஆண்டுகள்" என்பதை மட்டும் பாருங்கள். ஒன்றில் "ஐந்து நீண்ட ஆண்டுகளுக்குப் பிறகும்". மற்றதில் "ஐந்தே ஆண்டுகளில்". அதே ஐந்து ஒரு இடத்தில் நீள்கிறது, இன்னொரு இடத்தில் சுருங்குகிறது.

## 5. சொல் தேடும் முன் கணக்கைச் சரிபார்ப்பது

இப்போது அந்த இன்னொருவரைக் கூப்பிடுங்கள். நம்பிக்கைப் பதிப்பை மட்டும் கொடுத்து, அதிலிருந்து எத்தனை பேர், எப்போது, என்ன ஆனார்கள் என்று எண்களாக எழுதித் தரச் சொல்லுங்கள். கலக்கப் பதிப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் அதே ஆளிடம் சில நாள் கழித்துக் கொடுக்கலாம்.

இரண்டு பட்டியலும் உங்கள் தகவல் தாளோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சொற்களைத் தேடப் போகாதீர்கள். ஏதோ ஒரு பதிப்பில் தகவலே மாறியிருக்கிறது, அதை முதலில் திருத்துங்கள். தகவல் மாறிய இடத்தில் நீங்கள் உணரும் வேறுபாடு சொல்லால் வந்ததா, தகவலால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். "எண்கள் அப்படியேதானே இருக்கின்றன" என்பார்கள். மேலே சொன்ன 108 பிழை இந்தப் படியில்தான் பிடிபட்டது. எழுதியவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

## 6. சாயம் ஏறிய சொற்களைப் பிடிப்பது

சோதனை ஒன்றுதான். சந்தேகப்படும் சொல்லை எடுத்துவிட்டோ, வெறுமையான ஒரு சொல்லை அந்த இடத்தில் வைத்தோ படியுங்கள். தகவல் தாளின் வரி குறையாமல், உணர்ச்சி மட்டும் குறைந்தால் அது சாயம். வரியே குறைந்தால் அது தகவல்; அதை விட்டுவிடுங்கள்.

தமிழில் சாயம் நான்கு இடங்களில் தங்குகிறது. எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போகலாம். கண்ணுக்கு முதலில் படுவதை அகற்றினால்தான் அதன் பின்னால் இருப்பது தெரியும்.

அடைமொழிகள். "நல்லபடியாக", "நீண்ட". இவற்றை எல்லோரும் பிடித்துவிடுவார்கள். அடிக்கோடிட்டுவிட்டு நகருங்கள்.

வினைச்சொற்கள். இங்கே நின்று பார்க்க வேண்டும். இறந்தார்கள், உயிரிழந்தார்கள், மாண்டார்கள், பலியானார்கள், செத்தார்கள். ஒரே நிகழ்வுக்கு ஐந்து வினைகள், ஐந்தும் வெவ்வேறு எடை. ஒப்பிட ஒரு வெறுமையான வினை வேண்டும். மரணத்தைப் பற்றிய எழுத்தில் நான் "இறந்தார்கள்" என்பதை அடிமட்டமாக வைத்துக்கொள்கிறேன். மற்ற ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு இதை வைத்துப் பார்க்கிறேன்.

சில வினைகள் சாயத்தோடு நிற்பதில்லை, புதிய தகவலையே கொண்டுவந்துவிடும். நம்பிக்கைப் பதிப்பில் பலரும் எழுதும் சொல் "குணமடைந்தார்கள்". தகவல் தாளில் இருப்பது "ஐந்தாம் ஆண்டு முடிவில் உயிருடன் இருக்கிறார்கள்" என்பது மட்டும். நோயோடு உயிருடன் இருக்கலாம். கலக்கப் பதிப்பில் அதற்கு இணையானது "சிகிச்சைக்குப் பலியானார்கள்". ஐந்து ஆண்டுகளில் இறந்த 66 பேரும் எதனால் இறந்தார்கள் என்று தாளில் இல்லை. இந்த இரண்டையும் சாயம் என்று குறிக்காதீர்கள். பிழை என்று வேறு நிறத்தில் குறியுங்கள். இரண்டாவது பேனா அதற்குத்தான்.

ஒரு வினைச்சொல்லால் எவ்வளவு ஆகும் என்று சிலர் கேட்பார்கள். 1974ல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படக்காட்சிகளை மாணவர்களுக்குக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. கார்கள் ஒன்றையொன்று மோதி நொறுக்கியதாகக் கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்குச் சுமார் 41 மைல். தொட்டதாகக் கேட்கப்பட்டவர்கள் சொன்னது சுமார் 32 மைல். எல்லோரும் பார்த்தது அதே காட்சிகளைத்தான்.

இடைச்சொற்களும் துணைவினைகளும். புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் இவை தனிச் சொல்லாக நிற்பதில்லை. வேறொரு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ஐந்தே" என்பதில் இருக்கும் ஏகாரம், "இது குறைவு" என்கிறது. "பிறகும்" என்பதில் இருக்கும் உம், "இவ்வளவு காலம் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும்" என்கிறது. "34 பேர் மட்டுமே" என்பதில் மட்டும், ஏ என்று இரண்டு சேர்ந்து அழுத்துகின்றன. "34 பேர்தான்", "34 பேராவது" என்று மாற்றிப் பாருங்கள். எண் அசையவில்லை. "தான்" அதை ஏமாற்றமாக்குகிறது. "ஆவது" அதைக் கிடைத்தவரை லாபம் என்பதாக்குகிறது.

இவை எல்லாமே ஓர் எதிர்பார்ப்பைக் கமுக்கமாக உள்ளே வைக்கின்றன. "மட்டுமே" என்றால் அதிகம் இருந்திருக்க வேண்டும் என்று பொருள். எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தகவல் தாளில் அதற்கு வரி இருக்கிறதா? இடைச்சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். வேறொரு சிகிச்சையில் 50 பேர் உயிருடன் இருப்பார்கள் என்ற வரி தாளில் இருந்தால் "மட்டுமே" என்பதற்கு ஆதாரம் உண்டு. இல்லாவிட்டால் அது எழுதியவரின் எதிர்பார்ப்பு.

துணைவினைகளில் "விடு" என்பதைப் பாருங்கள். "தாண்டுகிறார்கள்" என்பதைவிட "தாண்டிவிடுகிறார்கள்" என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. "32 ஆகிறது" என்பதைவிட "32 ஆகிவிடுகிறது" என்பதில் கைமீறிப்போன உணர்வு. அதே "விடு" ஒன்றில் நிம்மதியையும் இன்னொன்றில் கலக்கத்தையும் தருகிறது. அது தானாக எந்த நிறமும் கொண்டதல்ல. பக்கத்தில் இருக்கும் வினையின் நிறத்தை அழுத்திக் காட்டுகிறது. "விடு" வந்த இடமெல்லாம் அடிக்கோடு போடக்கூடாது என்பதும் இதனால்தான். "பேருந்து வந்துவிட்டது" என்றால் பெரும்பாலும் வேலை முடிந்தது என்ற தகவல் மட்டுமே. எடுத்துப் பார்க்கும் சோதனை இங்கேயும் உதவும்.

இணைப்பு. கடைசியாக, வாக்கியங்களைக் கோக்கும் "ஆலும்", "ஆனால்", "இருந்தும்". இந்த இரண்டையும் படியுங்கள்:

> 66 பேர் இறந்தாலும் 34 பேர் உயிருடன் இருக்கிறார்கள்.

> 34 பேர் உயிருடன் இருந்தாலும் 66 பேர் இறந்துள்ளார்கள்.

இரண்டு பக்கமும் இருக்கிறது, அடைமொழி இல்லை, இடைச்சொல் இல்லை. ஆனாலும் நிறம் வேறு. தமிழில் முற்று வினை கடைசியில் வருகிறது. வாக்கியம் எதைச் சொல்ல வந்ததோ அது அங்கேதான் வந்து நிற்கும். "ஆலும்" என்று முடியும் பகுதி ஓரமாகத் தள்ளப்படுகிறது. "இரண்டையும் சொல்லிவிட்டேனே, நடுநிலைதானே" என்று நினைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது. சரிபார்க்க, "ஆலும்" இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து இரண்டு தனி வாக்கியங்களாக்கிப் படியுங்கள்.

அப்புறம், அடிக்கோடு போடும் வேகத்தில் எல்லாவற்றையும் கோடிடுபவர்களும் இருக்கிறார்கள். "இறந்தார்கள்" என்பதையே சாயம் என்று குறித்து, "உயிருடன் இல்லாத நிலையை அடைந்தார்கள்" என்று மாற்றிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். துயரமான தகவல் வேறு, துயரம் ஏற்றிய சொல் வேறு. "இறந்தார்கள்" என்பதை எடுத்தால் தாளின் வரி போய்விடும், அதனால் அது தகவல். அதற்கு மாற்றாக அவர் வைத்த நீளமான தொடர்தான் சாயம். நடந்ததை மங்கலாக்கும் சாயம்.

## 7. எல்லாவற்றையும் கழுவிய பிறகும் நிற்கும் நிறம்

அடிக்கோடிட்டதை எல்லாம் நீக்கி இரண்டு பதிப்பையும் மறுபடி எழுதுங்கள்.

> 100 பேரில் 90 பேர் சிகிச்சையைக் கடக்கிறார்கள். முதலாம் ஆண்டு முடிவில் 68 பேர் உயிருடன் இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் 34 பேர் உயிருடன் இருக்கிறார்கள்.

> 100 பேரில் 10 பேர் சிகிச்சைக் கட்டத்தில் இறக்கிறார்கள். முதலாம் ஆண்டு முடிவுக்குள் மொத்தம் 32 பேர் இறக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு முடிவுக்குள் மொத்தம் 66 பேர் இறக்கிறார்கள்.

இனி எடுக்க ஒரு சொல்லும் இல்லை. இங்கே பலர் பயிற்சி முடிந்தது என்று தாளை மடித்துவிடுவார்கள். மடிக்காதீர்கள். 1982 ஆய்வில் கேட்டவர்கள் கொடுத்த வாசகங்கள் கிட்டத்தட்ட இந்தக் கழுவிய வடிவில்தான் இருந்தன. அடைமொழி கிடையாது, அழுத்தம் கிடையாது.

கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கொடுத்த எண்கள் இவை: 100 பேரில் அனைவரும் சிகிச்சையைக் கடக்கிறார்கள், முதலாம் ஆண்டு முடிவில் 77 பேர், ஐந்தாம் ஆண்டு முடிவில் 22 பேர் உயிருடன் இருக்கிறார்கள். இறப்புப் பக்கமாகச் சொன்னால் சிகிச்சையின்போது யாரும் இறப்பதில்லை, முதலாம் ஆண்டு முடிவுக்குள் 23 பேர், ஐந்தாம் ஆண்டு முடிவுக்குள் 78 பேர்.

உயிருடன் இருப்பவர்களின் எண்ணிக்கையாகப் படித்தவர்களில் 18% பேர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். இறப்பவர்களின் எண்ணிக்கையாகப் படித்தவர்களில் 44% பேர். பதில் சொன்னவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களிடமும் இந்த மாற்றம் நோயாளிகளிடம் இருந்ததைவிடக் குறைவாக இல்லை.

காரணத்தை எண்களிலேயே பார்க்கலாம். சிகிச்சையைக் கடப்பவர்கள் 90, 100 என்றால் இரண்டும் பெரிய எண்கள், வித்தியாசம் கண்ணில் உறுத்தாது. இறப்பவர்கள் 10, பூஜ்யம் என்றால், ஒன்றில் மரணம் இருக்கிறது, மற்றதில் இல்லவே இல்லை. அதே பத்து பேர்தான் வித்தியாசம். ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது அந்தப் பத்து பெரிதாகிவிடுகிறது.

எனவே அடிக்கோட்டு வேலைக்குப் பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணின் மேலும் அது ஜோடியின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்: உயிர், இறப்பு. ஒரு பதிப்பு முழுக்க ஒரே பக்கமாக இருந்தால், சொற்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது ஒரு நிறத்தில்தான் இருக்கிறது. பிறருடைய எழுத்தைப் படிக்கும்போதும் இதையே செய்யலாம். எண்ணைப் பார்த்ததும் அதன் ஜோடியை ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

பிறர் எழுத்தில் இன்னொரு வகையும் கிடைக்கும். முதலாம் ஆண்டில் இருந்த 68 பேர் ஐந்தாம் ஆண்டில் 34 ஆகிறார்கள். "உயிரோடிருந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த நான்கு ஆண்டுகளில் இறக்கிறார்கள்" என்று எழுதலாம். அது உண்மைதான். ஆனால் அடிப்படை 100லிருந்து 68க்கு மாறிவிட்டது. "பாதி", "இரு மடங்கு", "மூன்றில் ஒன்று" எங்கே வந்தாலும், எதில் பாதி என்று கேட்டு, பதில் அதே பத்தியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

## 8. மூன்றாவது பதிப்பு

இதுவரை எழுதிய இரண்டையும் வாசகருக்குக் கொடுப்பதற்காக எழுதவில்லை. அவை கண்ணைப் பழக்க. தகவலைத் தெரிந்துகொள்ள வருபவருக்கு மூன்றாவது ஒன்றை எழுத வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே வரியில் வரும்படி:

> 100 பேரில், சிகிச்சைக் கட்டத்தின் முடிவில் 90 பேர் உயிருடன் இருக்கிறார்கள், 10 பேர் இறந்திருக்கிறார்கள். முதலாம் ஆண்டு முடிவில் 68 பேர் உயிருடன் இருக்கிறார்கள், 32 பேர் இறந்திருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் 34 பேர் உயிருடன் இருக்கிறார்கள், 66 பேர் இறந்திருக்கிறார்கள்.

படிக்கச் சற்றுச் சலிப்பாகத்தான் இருக்கும். அதைச் சுவையாக்கப் போய் மறுபடி "ஆனால்", "மட்டும்" சேர்த்துவிடாதீர்கள். "இறந்திருக்கிறார்கள்" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு: அந்தத் தேதியில் எண்ணிப் பார்த்த நிலை என்பது அதில் தெரிகிறது, 108 பிழைக்கு இடமில்லை.

வரிசை என்ற சிக்கல் இதிலும் முழுக்கத் தீராது. ஒன்று முதலில் வந்தாக வேண்டும், மற்றது கடைசியில் நின்றாக வேண்டும். நான் செய்வது, எந்த வரிசையை எடுத்தாலும் எல்லா வரியிலும் அதையே வைத்துக்கொள்வது. ஒரு வரியில் உயிரையும் அடுத்த வரியில் இறப்பையும் முன்னால் வைத்தால், எந்த வரியில் எதை முன்னால் வைத்தோம் என்பதில் நம் விருப்பம் நுழைந்துவிடும்.

கடைசியாகத் தலைப்பு. உடல் முழுக்கக் கழுவிவிட்டுத் தலைப்பை மறந்துவிடுகிறார்கள். "அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைப்பவர்கள்" என்று வைத்தால் கீழே உள்ள ஆறு எண்களில் மூன்றுக்கு மட்டும் வெளிச்சம் விழுகிறது. "அறுவை சிகிச்சையில் இறப்பவர்கள்" என்றால் மற்ற மூன்றுக்கு. இந்தத் தகவலுக்கு நான் வைத்த தலைப்பு: "அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேர்: ஐந்தாண்டு வரை".